“உனக்குக் கார் வேணும், அதான் பேசுற”: இதற்கு என்ன பதில் சொல்வது?

இரவுப்பறவை

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை. யார் பக்கம் நியாயம் என்று கேட்க வரவில்லை. கையில் நல்ல காரணங்களை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றேன் என்றுதான் புரியவில்லை.

அப்பாவுக்கு 71 வயது. இருட்டிய பிறகு அவர் கார் ஓட்ட வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று காரணம் சொன்னேன். ஒன்று, மூன்று மாதத்தில் காரின் இடது பக்கம் இரண்டு கீறல். இரண்டும் ராத்திரியில் கேட் தூணில் உரசியவை, அவரே சொன்னது. இரண்டு, கண் மருத்துவர் எழுதித் தந்த சீட்டு: இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது. மூன்று, போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் ஒரு சைக்கிள்காரர் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார்.

வந்த பதில்களை அப்படியே தருகிறேன்.

அப்பா: “லைசென்ஸ் டெஸ்ட்ல மூணு தடவை கோட்டை விட்டவன் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?”

அக்கா: “அவனுக்குக் கார் வேணும்பா. ராத்திரி சாவி உங்க கையில இல்லேன்னா யார் கைக்குப் போகும்?”

மாமா: “போனைப் பார்த்துக்கிட்டே ஓட்டுறவன் நீ. நீ இதைப் பேசலாமா?”

எனக்கு வந்ததே கோபம். “இது எல்லாம் அட் ஹோமினம்! யாராவது ஒருத்தர் அந்தக் கீறலைப் பத்திப் பேசுங்க!” என்று கத்தினேன். “பெரிய படிப்பு” என்றாள் அக்கா. அதோடு விட்டிருக்கலாம். “உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, அதை ஒத்துக்க மாட்டேங்கறீங்க” என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

அவர்கள் மூன்று பேரும் பேசியது அட் ஹோமினம், அதாவது காரணத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குகிற தனிநபர் தாக்குதல்தானே? அப்படியானால் நான் கடைசியாகச் சொன்னது என்ன?

---

தர்க்கப்பித்தன்

இதில் குழப்பமே இல்லை. அப்பா சொன்னது நேரடித் தாக்குதல். அக்கா சொன்னது உள்நோக்கம் கற்பிப்பது. மாமாவுடையது ‘நீ மட்டும் யோக்கியமா’ வகை. நீங்கள் வயதை இழுத்ததும் அதே குட்டைதான். நான்குமே அட் ஹோமினம், நான்குமே செல்லாது. சொல்கிற ஆளைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டாலே வாதம் முடிந்தது. உங்கள் மூன்று காரணமும் அப்படியே நிற்கின்றன. நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

---

அரைத்தூக்கம்

என் மாமியாருக்கும் இப்படித்தான் புரை ஆரம்பித்தது. ரொம்ப முற்ற விடாதீர்கள். இப்போதெல்லாம் ஆபரேஷன் சின்ன விஷயம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா?

---

இரவுப்பறவை

சர்க்கரை இல்லை. கேள்வி அது இல்லைங்க, ஆனாலும் நன்றி.

தர்க்கப்பித்தன், ஜெயித்தேன் என்கிறீர்கள். அப்பா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை.

---

மீனாட்சி டீச்சர்

பித்தன் தம்பி ரொம்ப வேகம். ஆளைப் பற்றிப் பேசினாலே பிழை என்று வைத்துக்கொண்டால் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்க முடியாது, ஒரு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. ஆளைப் பற்றிப் பேசி, அதைக் காரணத்துக்குப் பதில் என்று கணக்குக் காட்டும்போதுதான் பிழை.

தம்பி சொன்ன மூன்று காரணங்களையும் ஒன்றாக முடிச்சுப் போடாமல் பாருங்கள். கீறல் காரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். சீட்டு அலமாரியில் இருக்கிறது. இவை இரண்டும் யார் வாயிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். தம்பி பொய்யனாகவே இருக்கட்டும், கார் மேல் பேராசை உள்ளவனாகவே இருக்கட்டும், கீறலின் நீளம் அரை அங்குலம்கூடக் குறையாது. ஆகவே “உனக்குக் கார் வேணும்” என்பது இந்த இரண்டுக்கும் பதிலே இல்லை. அசல் அட் ஹோமினம்.

மூன்றாவதுக்கு வாருங்கள். சைக்கிள்காரர். அதற்கு என்ன ஆதாரம்? தம்பி பார்த்தேன் என்று சொல்வது மட்டும்தான். காருக்குள் இருந்தது இரண்டே பேர், அதில் அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. தம்பியின் வார்த்தையை நம்பித்தான் இந்தக் காரணம் நிற்கிறது. அப்படியானால் அந்த வார்த்தையை எவ்வளவு நம்பலாம், மிகைப்படுத்த இவனுக்கு ஏதாவது தூண்டுதல் இருக்கிறதா என்று கேட்க அக்காவுக்கு உரிமை உண்டு. இங்கே அவள் கேட்டது பிழை இல்லை, நியாயமான கேள்வி.

அதே வாக்கியம், அதே அக்கா, அதே மேசை. கீறலுக்கு எதிராகச் சொன்னால் பிழை, சைக்கிளுக்கு எதிராகச் சொன்னால் சரி. வாக்கியத்தைப் பார்த்து “இது அட் ஹோமினம்” என்று முத்திரை குத்த முடியாது. அது எந்தக் காரணத்தின் மேல் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

அதனால்தான் உங்கள் கத்தல் எடுபடவில்லை என்று நினைக்கிறேன். “எல்லாமே அட் ஹோமினம்” என்றபோது அக்கா கேட்ட ஒரு நியாயமான கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். அவளுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் அது உறைத்திருக்கும்.

---

குறுக்குக்கேள்வி

பல வருடம் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவன் என்ற முறையில் டீச்சர் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். “நீங்கள் வாதிக்குச் சொந்தக்காரர்தானே? போன வருடம் பிரதிவாதியோடு தகராறு இருந்ததா?” என்று நாள் முழுக்கக் கேட்போம். யாரும் எழுந்து ‘தர்க்கப் பிழை’ என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே சாட்சி ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், கதை வேறு. பத்திரம் போலி என்று காட்ட வேண்டும். கொண்டுவந்தவர் கடன்காரர் என்று சொல்லி எந்தப் பத்திரத்தையும் செல்லாமல் ஆக்க முடியாது.

எனக்கு நானே வைத்துக்கொள்கிற சோதனை ஒன்று உண்டு. அந்தக் காரணத்தைப் பெயர் போடாத துண்டுச் சீட்டில் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொள்வேன். “காரின் இடது பக்கம் ராத்திரியில் உரசிய இரண்டு கீறல் இருக்கிறது.” யார் எழுதியது என்று தெரியாமலே போய்ப் பார்க்கலாம், வலு குறையவில்லை. “அவருக்குச் சைக்கிள் தெரியவில்லை, நான் பார்த்தேன்.” பெயரில்லாத சீட்டில் இதற்கு மதிப்பே இல்லை, ‘நான்’ யார் என்றுதான் முதலில் கேட்போம். சீட்டில் பெயர் இல்லாமல் எது நிற்கவில்லையோ, அதில்தான் ஆளை விசாரிக்கலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு எல்லை உண்டு. தம்பிக்கு ஆசை இருக்கிறது என்று நிரூபித்தால் அவர் சாட்சியம் பலவீனமாகிறது, அவ்வளவுதான். அது பொய் என்று ஆகாது. கார் மேல் ஆசை உள்ளவன் கண்ணிலும் சைக்கிள் படும்.

---

தர்க்கப்பித்தன்

சரி, அக்கா விஷயத்தில் ஒரு பாதி விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அப்பா சொன்னது? “மூணு தடவை கோட்டை விட்டவன்.” இது பச்சையான அவமானம். இதில் என்ன விசாரணை இருக்கிறது?

---

மீனாட்சி டீச்சர்

அவமானம் என்பதும் அட் ஹோமினம் என்பதும் ஒன்றல்ல தம்பி. நிறையப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். அப்பா இப்படிச் சொல்லியிருந்தால்: “டேய் முட்டாள், அந்தக் கீறல் ரெண்டும் புதுசா வச்ச தூணால வந்தது, பகல்லகூட உங்க மாமா அதுல இடிச்சார்.” முட்டாள் என்று திட்டியிருக்கிறார், மரியாதைக் குறைவுதான். ஆனால் காரணத்துக்குக் காரணம் வைத்துவிட்டார். ‘முட்டாள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் அவர் பதில் முழுசாக இருக்கிறது. அது அட் ஹோமினம் இல்லை.

உண்மையில் அவர் சொன்னதிலிருந்து லைசென்ஸ் டெஸ்ட் கதையை எடுத்துவிடுங்கள். என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. அதுதான் அடையாளம்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல், “பாவம், அவன் பயந்த சுபாவம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்” என்று பாசமாகத் தலையைத் தடவியே ஒருவன் வாதத்தைக் கவிழ்த்துவிடலாம். திட்டே இல்லை, அட் ஹோமினம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. குடும்பங்களில் இந்த ரகம்தான் ஜாஸ்தி என்பது என் அபிப்பிராயம். பத்து வயதில் நீங்கள் செய்த ஒரு அசட்டுத்தனம் நாற்பது வயதில் நீங்கள் வைக்கும் வாதத்துக்குப் பதிலாக வரும்.

---

வெண்கலக்குரல்

டீச்சர், இது வீட்டில் மட்டும் இல்லை. ஆபீஸில் ஏற்கெனவே இருக்கிற ஒரு மென்பொருளை மறுபடி வாங்குவது பற்றிக் கூட்டம். போன வருடத்துப் பதிவுகளை எடுத்து, நாங்கள் பயன்படுத்துவது அதில் கால்வாசி வசதிகூட இல்லை என்று காட்டினேன். மேலாளர் சிரித்துக்கொண்டே, “நீங்க சேர்ந்து ஆறு மாசம்தானே ஆகுது” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்தது. எனக்கு இன்றைக்கும் அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அனுபவம் இல்லாதவன் என்றால் பதிவுகளும் பொய்யாகிவிடுமா?

---

குறுக்குக்கேள்வி

பதிவுகளைக் காட்டினீர்கள் என்றால் ஆறு மாதம் என்பது பதில் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். “இந்த வசதிகள் நமக்கு இனிமேலும் தேவைப்படாது” என்றும் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அது பதிவில் இல்லை, உங்கள் மதிப்பீடு. ஒரு வருடச் சுழற்சியை முழுசாகப் பார்க்காதவரின் மதிப்பீடு என்று அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கலாம்.

---

வெண்கலக்குரல்

...சொன்னேன். அந்த வரியையும் சொன்னேன். ஆனால் அவர் எதற்குப் பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது என்பது என் கருத்து.

---

நிலா அக்கா

மாமா சொன்னதை யாரும் தொடவில்லையே? எனக்கு அதுதான் சரியான கேள்வியாகப் படுகிறது. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் பாதுகாப்பு பற்றி வாயைத் திறக்கலாமா? முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டாமா?

---

தர்க்கப்பித்தன்

இது பிழை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிகரெட் பிடிக்கிற டாக்டர் “சிகரெட் கெடுதல்” என்றால் அது பொய்யாகிவிடுமா? இரவுப்பறவை நூறு தடவை போனைப் பார்க்கட்டும், அப்பாவின் கண்ணில் புரை இருக்கிறதா இல்லையா?

---

மீனாட்சி டீச்சர்

புரை விஷயத்தில் பித்தன் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் மாமா வேறு ஒன்றைத் தொட்டிருக்கலாம்.

தம்பி, உங்கள் வாதத்தின் அடியில் ஒரு பொது விதி ஒளிந்திருக்கிறது: ‘சாலையில் மற்றவருக்கு ஆபத்து உண்டாக்கும் நிலையில் யாரும் வண்டி ஓட்டக் கூடாது.’ இதை நீங்கள் நிஜமாகவே ஏற்கிறீர்களா என்று கேட்பது தாக்குதல் இல்லை. ஏற்கிறீர்கள் என்றால் போன் விஷயத்தில் நீங்களும் மாட்டிக்கொள்கிறீர்கள். ஏற்கவில்லை என்றால் அப்பா மேல் மட்டும் அதை ஏவ முடியாது.

இதில் ஒரு வேடிக்கை. ஜான் லாக் 1690 என்று தேதியிட்டு வந்த தன் பெரிய நூலில் ‘அட் ஹோமினம்’ என்ற பெயரைச் சொல்வது இந்த மாதிரி வாதத்துக்குத்தான். எதிராளியே ஏற்றுக்கொண்ட கொள்கைகளை எடுத்து, அதிலிருந்து வரும் விளைவுகளைக் காட்டி அவரை நெருக்குவது. அதில் திட்டு இல்லை. எதிராளி மடங்குவதால் நாம் சொல்வது உண்மை என்று நிரூபணமாகிவிடாது என்பதுதான் லாக்கின் குறை. ஆளைத் தாக்குவது என்ற இன்றைய அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக மாமா “முதலில் நீயே அந்த விதிக்குக் கட்டுப்படு” என்று சொன்னாரா, “நீ பேசாதே” என்று சொன்னாரா? “பேசலாமா” என்ற அந்த ஒரு சொல்லில் இரண்டும் இருக்கிறது.

---

குறுக்குக்கேள்வி

டீச்சரோடு இங்கே ஒத்துப்போக முடியவில்லை. விதி இரண்டு பேரையும் பிடிக்கிறது என்றால் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும் என்றுதான் முடிவு வரும். அப்பா ஓட்டலாம் என்று வராது. மாமா அந்த மேசையில் அப்பா ஓட்டுவதற்கு ஆதரவாகப் பேசினார். அப்படிப் பார்த்தால் அது பேச்சைத் திருப்பியதுதான்.

---

மீனாட்சி டீச்சர்

மாமா அப்பாவுக்காகத்தான் பேசினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? மைத்துனரை மகன் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டது பிடிக்காமல்கூட வாயை அடைத்திருக்கலாம். சரி, நானே இப்போது உள்நோக்கம் தேடுகிறேன்! விட்டுவிடுகிறேன்.

---

நிலா அக்கா

எனக்கு இன்னும் மாமா பக்கம்தான். வாயை மூடு என்று சொல்லவில்லை, போனைக் கீழே வை என்கிறேன்.

---

இரவுப்பறவை

போன் விஷயம் உண்மை. சிக்னலில் நிற்கும்போது பார்ப்பேன். சிக்னலில் மட்டும் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், பொய்யாக இருந்தது, அழித்துவிட்டேன்.

என் “வயசாயிடுச்சு” பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

மீனாட்சி டீச்சர்

அதுதான் இருப்பதிலேயே சிக்கலானது, அதனால் தள்ளிப்போட்டேன்.

பொதுவாக ஒருவரின் வயதை இழுப்பது பிழை. ஆனால் இங்கே பேசுபொருளே அப்பாவின் கண். அதைப் பற்றிப் பேசாமல் இந்த வாதத்தைச் செய்யவே முடியாது. “இந்தக் கண்ணோடு ராத்திரியில் ஓட்டுவது ஆபத்து” என்பது அவரைப் பற்றிய பேச்சுதான், ஆனால் தாக்குதல் அல்ல. வயதுக்குப் பதில் கண்ணைச் சொல்லியிருந்தால் பழுதில்லை. 71 வயதில் கண் தெளிவாக உள்ளவர்களும் உண்டு, ஐம்பதில் புரை வந்தவர்களும் உண்டு. நீங்கள் கையில் சீட்டை வைத்துக்கொண்டு அதைவிட மங்கலான ஒன்றை எடுத்து வீசினீர்கள்.

இரண்டாவது பாதி இன்னும் மோசம்: “ஒத்துக்க மாட்டேங்கறீங்க.” இதன் பிறகு அவர் என்ன மறுத்தாலும் ‘பார், ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஆகிவிடும். அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவர் பதிலைச் செல்லாக்காசாக்கிவிட்டீர்கள். அவர் எழுந்து போனது அதற்காக இருக்கலாம்.

அரைத்தூக்கம் எழுதியதை நாம் எல்லோரும் கேலியாகக் கடந்துவிட்டோம், ஆனால் விஷயத்துக்குப் பக்கத்தில் நின்றது அவர்தான். புரை மெதுவாக வருவது, ஆளுக்கே தெரியாமல் பழகிப்போகும். கலங்கிய லென்ஸில் எதிர்வண்டி வெளிச்சம் சிதறி, பார்வை முழுக்க ஒரு வெளுப்பாகப் பரவும். பகலில் எழுத்துப் பலகையை ஓரளவு படித்துவிடுகிறவருக்கும் ராத்திரியில் இப்படி ஆகலாம். ஆகவே “எனக்கு நல்லாத்தான் தெரியுது” என்று அப்பா சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதுவும் ஒரு சாட்சியம், அந்தச் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். பிடிவாதக்காரர் என்பதற்காக அல்ல, கண் தானே தன்னைச் சோதித்துக்கொள்ள முடியாது என்பதற்காக.

---

தர்க்கப்பித்தன்

நான் தொடக்கத்தில் “நீங்கள்தான் ஜெயித்தீர்கள்” என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். எதிராளி பிழையாகப் பேசினார் என்பதாலேயே நம் முடிவு சரியாகிவிடாது. அவர் இன்னும் வாதமே வைக்கவில்லை, அவ்வளவுதான். இது எனக்கு முன்பே தெரியும், ஆனால் பெயர் சொல்லி அடிக்கும்போது மறந்துபோகிறது.

---

குறுக்குக்கேள்வி

இரவுப்பறவை, அடுத்த முறை பிழையின் பெயரைச் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சு உங்கள் படிப்பைப் பற்றியதாகிவிடும். குற்றச்சாட்டை அப்படியே ஒப்புக்கொண்டு காரணத்துக்குத் திரும்புங்கள். “சரிக்கா, எனக்குக் கார் மேல ஆசைதான். அந்தக் கீறல் எப்படி வந்துச்சுன்னு சொல்லு.” சைக்கிள் கதையை எடுக்கவே வேண்டாம். பலவீனமான சாட்சியைக் கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்பு அதை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும்.

---

இரவுப்பறவை

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

நேற்று சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். முதலில் வயது பற்றிப் பேசியதற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “ம்” என்றார். அப்புறம் குறுக்குக்கேள்வி ஐயா சொன்னபடியே ஆரம்பித்தேன். எனக்குக் கார் வேண்டும்தான், ராத்திரி கிடைத்தால் சந்தோஷம்தான் என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். சைக்கிளை எடுக்கவில்லை. கீறலை மட்டும் கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “தூண் வெளிச்சத்துல கரைஞ்சு போயிடுதுடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளியே கேட் மேல் ஒரு விளக்கு இருக்கிறது, நேரே கண்ணில் அடிக்கும். அம்மாதான் முதலில் பேசினாள்: “அப்போ விளக்கை மாத்தணுமா, கண்ணைப் பார்க்கணுமா?” இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

சரி, மறுபடி கண் மருத்துவரிடம் போய், கண் கூசும்போது எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்கச் சொல்லலாம் என்றேன். உடனே அப்பா: “அவருக்கு ஆபரேஷன் பண்ணினாத்தானே காசு!”

டீச்சர், இது எந்தக் கணக்கில் வரும்?

---

மீனாட்சி டீச்சர்

‘ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள்’ என்று அவர் வாயால் மட்டும் சொன்னால் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. கூசும்போது எத்தனை வரி படிக்க முடிகிறது என்று அப்பாவையே படிக்க வைத்துக் காட்டினால், காசு பற்றிய பேச்சு அங்கே செல்லாது. ஆபரேஷன் செய்யாத, கண்ணாடி மட்டும் பரிசோதித்துத் தருகிற ஒருவரிடம் போனால் இந்த வாதமே எழாது.

---

இரவுப்பறவை

அதையே அக்காவும் சொன்னாள். அவள்தான் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறாள், நான் வரக் கூடாதாம். அதுவரை ராத்திரிச் சாவி அம்மாவிடம். என் போன் காரின் பின் சீட்டில் என்று மாமா ஒரு ஷரத்துப் போட்டார், ஒத்துக்கொண்டேன். கேட் விளக்கை இன்னும் யாரும் மாற்றவில்லை.